இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். வீட்டில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். மகளுக்கு இரவில் ஸூம் வகுப்பு. பாதியில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. “ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தும் பார்த்துவிட்டேன் தம்பி, சரிவரவில்லை” என்றார்.

வைஃபையை விட்டுவிட்டு, மடிக்கணினியை லேன் வயரால் நேரே ரவுட்டரில் செருகி, காலை ஆறு, பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது என்று ஒரு கிழமை வேகத்தை அளந்து எழுதச் சொன்னேன். வைஃபையில் அளந்தால் வீட்டுச் சுவரின் குற்றமும் இணைப்பின் தலையில் விழும்.

காலையில் 35 மெகாபிட். இரவில் 3, சில நாள் 4. ஆனால் பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் RSRP என்று காட்டும் சிக்னல் அளவு இரண்டு வேளையும் -85 அளவிலேயே நின்றது. அது நல்ல சிக்னல். அப்படியானால் குறை வீட்டில் இல்லை, டவரில் உள்ள நெரிசலில். சுற்றியுள்ள போன்களும் ரவுட்டர்களும் அதே அலைவரிசையைத்தான் பங்குபோடுகின்றன. காலையிலும் வேகம் குறைந்து, RSRP -110 என்று காட்டியிருந்தால், வெளியே ஓர் அன்டெனா பூட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பழைய டெலிபோன் செப்புக் கம்பிக்கு நெரிசலைவிடத் தூரம்தான் பகை. அந்தக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் இணையம், எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் 24 மெகாபிட் வரை தரும். மூன்று கிலோமீற்றர் தள்ளினால் எட்டு, பத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த எட்டு இரவிலும் அநேகமாக எட்டுதான். மழை நாளில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் ரிசீவரை எடுத்துக் கேளுங்கள். கரகர என்றால் எங்கோ ஒரு ஜொயின்ற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதில் மேலே அனுப்பும் வேகம் ஒரு மெகாபிட் அளவுதான். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரம் கமராவைப் போட்டால் தாங்காது.

கேபிள் டிவி வயரில் வரும் இணையத்தைக் கனடாவில் உள்ள உறவினர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதுவும் தெருவோடு பங்குபோடுவது, மாலையில் தளரக்கூடியது.

ஃபைபரிலும் பங்கு உண்டு. வழக்கமான ஜிபொன் அமைப்பில் ஓர் இழையின் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. 32 வீடும் ஒரே நொடியில் முழுக்க இழுத்தாலும் வீட்டுக்கு 75 மெகாபிட்டுக்கு மேல் மிஞ்சும். ஒளி போகும் இழை என்பதால் செப்பைப் போல மழை ஈரத்தில் இரைச்சல் ஏறாது.

அக்காவை ஃபைபருக்கு மாறச் சொன்னேன். வயரை மேலே கொண்டுபோகத் தொடர்மாடி நிர்வாகக் குழுவின் அனுமதி எடுக்கவே மூன்று கிழமை போனது. இப்போது இரவு ஒன்பதுக்கும் காலை ஆறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் வத்தளையில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும், ஆறு மாதத்தில் வீடு மாறப்போகும் தம்பி ஒருவருக்கு 4ஜியே போதும் என்றேன். அவருக்கு இரவு ஒன்பதுக்கும் 15 மெகாபிட் வருகிறது.