சென்னை சிம் டெல்லிக்குப் போனால்: அலைவரிசை அங்கே, கணக்கு இங்கே

[திரையில்: ஓடும் ரயிலின் ஜன்னலோரம் ஒரு கைப்பேசி]

சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறவரின் கையில், சென்னையில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஒன்று இருக்கிறது. விஜயவாடா, வாரங்கல், நாக்பூர், போபால், ஆக்ரா என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து அவர் டெல்லியில் இறங்கும்போதும் அதே எண்ணில் அழைப்பு வருகிறது. ஆனால் அங்குள்ள ஒரு கடையின் சுவரில் ஒட்டியிருக்கும் பேக் விலைப்பட்டியலைப் பார்த்து ரீசார்ஜ் செய்யச் சொன்னால், "இந்த எண்ணுக்கு இது போகாது" என்ற பதில் கிடைக்கலாம். எண் வேலை செய்யும் ஊரில் பேக் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

முதலில் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கைப்பேசி நிறுவனங்களுக்கு இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பேச்சு வழக்கில் இவற்றை சர்க்கிள் என்கிறோம். இவை மாநில எல்லைகளோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆந்திரமும் தெலங்கானாவும் இரண்டு மாநிலங்களாகப் பிரிந்த பிறகும் ஒரே வட்டமாகவே இருக்கின்றன. உத்தரப் பிரதேசம் ஒரே மாநிலம் என்றாலும் கிழக்கு, மேற்கு என இரண்டு வட்டங்களைக் கொண்டது; அதே மாநிலத்தின் நொய்டாவோ டெல்லி வட்டத்தில் இருக்கிறது. ஆகவே நம் பயணி விஜயவாடாவிலிருந்து வாரங்கல் போகும்போது மாநிலம் மாறுகிறது, வட்டம் மாறுவதில்லை. பேக்கின் நிபந்தனைகளைப் படிக்கும்போது மனத்தில் வைக்க வேண்டியது வட்டத்தின் எல்லையைத்தான்.

[திரையில்: சிம் அட்டையின் நெருக்கக் காட்சி, அதன் மேல் 15 இலக்கங்கள்]

சிம்முக்குள் நாம் டயல் செய்யும் எண்ணைத் தவிர, ஐஎம்எஸ்ஐ என்ற வேறொரு 15 இலக்க எண் பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 ஆகிய இரண்டும் உண்டு. அவற்றை அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம், எந்த வட்டம் என்பதைச் சொல்கின்றன. எடுத்துக்காட்டாக, 404-க்குப் பின் 10 என்று வந்தால் அது ஏர்டெலின் டெல்லி வட்டம். 45 என்று வந்தால் அதே நிறுவனத்தின் கர்நாடக வட்டம். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், வலையமைப்பின் பார்வையில் இவை இரண்டு தனித்தனி வீடுகள்.

டெல்லியில் கைப்பேசி ஒரு டவரைத் தொட்டவுடன், அந்த வட்டத்தின் வலையமைப்பு இந்த இலக்கங்களைப் படித்து, "இவர் நம் வீட்டுக்காரர் அல்லர், தமிழ்நாட்டு வட்டத்துக்காரர்" என்று தெரிந்துகொள்கிறது. உடனே தமிழ்நாட்டு வட்டத்தின் சந்தாதாரர் பதிவேட்டைக் கேட்கிறது: இந்த சிம் உண்மையானதா, இதற்கு எந்தெந்தச் சேவைகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன? சாதகமான பதில் வந்ததும் டெல்லி வலையமைப்பு சேவை தருகிறது; சொந்த வட்டத்தின் பதிவேட்டில் "இவர் இப்போது டெல்லியில் இருக்கிறார்" என்ற குறிப்பு ஏறுகிறது. மதுரையிலிருந்து யாராவது இவரை அழைத்தால், அந்தக் குறிப்பைப் பார்த்தே அழைப்பு டெல்லிக்குத் திருப்பப்படுகிறது. எண் எங்கு போனாலும் உயிரோடு இருப்பதன் காரணம் இந்தக் கேள்வியும் பதிலும்தான். அனுமதி இல்லாத இடத்தில் சேவையும் நின்றுவிடும். இப்படிச் சொந்த வட்டத்துக்கு வெளியே சேவை பெறுவதைத்தான் ரோமிங் என்கிறோம். வெளி வட்டங்களின் ப்ரீபெய்டு சிம்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காக ஜம்மு காஷ்மீரில் நீண்ட காலமாக ரோமிங்கில் அனுமதிக்கப்படவில்லை. போஸ்ட்பெய்டு இணைப்புகளே அங்கு வேலை செய்து வந்திருக்கின்றன.

அழைப்பு வருகிறது, இணையம் மட்டும் வரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது பேக்கை அல்ல. திரையின் மேற்பகுதியில் சிக்னல் கோடுகளுக்கு அருகே R என்ற எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கைப்பேசி தன்னை ரோமிங்கில் இருப்பதாகக் கருதுகிறது. அமைப்புகளில் Data roaming அணைந்திருந்தால், பேக்கில் எவ்வளவு டேட்டா மீதம் இருந்தாலும் அதைத் தொடாது. அதை இயக்கினாலே போதும்.

[திரையில்: ரீசார்ஜ் செயலியில் வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதி]

இனி பணத்தின் பக்கம் வருவோம். சேவை தருவது டெல்லி டவர் என்றாலும், இருப்புத் தொகையும் பேக்கும் இருப்பது தமிழ்நாட்டு வட்டத்தின் கணக்கில்தான். ப்ரீபெய்டு எண்ணிலிருந்து அழைப்புப் போகும் ஒவ்வொரு முறையும், "இவருக்கு அனுமதி தரலாமா, எந்தக் கட்டணத்தில்?" என்ற கேள்வி அந்தக் கணக்குக்கே செல்கிறது. கடைச் சுவரில் இருப்பது டெல்லி வட்டத்தின் பட்டியல். அதிலுள்ள பேக் தமிழ்நாட்டுக் கணக்கில் இல்லையென்றால் ரீசார்ஜ் ஏறாது. விலை ஒன்றாக இருந்து பயன் வேறாக இருக்கும் சூழலும் உண்டு. ஊருக்கு ஏற்றபடி செயலியில் வட்டத்தை மாற்றித் தேர்ந்தெடுப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், தேர்ந்தெடுக்க வேண்டியது சிம்மின் சொந்த வட்டத்தை.

பேக்கின் காலம் முடிந்து, மெயின் பேலன்ஸில் பேசும்போதுதான் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். சென்னையில் இருக்கும்போது சென்னையிலுள்ள அம்மாவை அழைத்தால் அது லோக்கல் அழைப்பு. டெல்லியில் இருந்துகொண்டு அதே அம்மாவை அழைத்தால் அது எஸ்டிடி, அதாவது நீங்கள் இருக்கும் வட்டத்துக்கு வெளியே போகும் அழைப்பு. டெல்லி எண்ணை அழைப்பதே லோக்கல். 2015 மே மாதம் முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயித்த ரோமிங் உச்சவரம்பின்படி, லோக்கல் அழைப்புக்கு நிமிடத்துக்கு 80 பைசா, எஸ்டிடி அழைப்புக்கு 1 ரூபாய் 15 பைசா, உள்வரும் அழைப்புக்கு 45 பைசா வரை வாங்கலாம். ரோமிங்கையும் சேர்த்து அளவற்ற அழைப்பு தரும் பேக்குகள் பரவலான பிறகு பலர் இதை உணர்வதில்லை. ஆனால் குறைந்த விலை பேக்குகளில் "லோக்கல்" என்ற சொல் தனியாக நின்றால், அது எந்த வட்டத்தைக் குறிக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று பிஎஸ்என்எல் பேக்குகள். டெல்லி, மும்பை ஆகிய இரண்டு நகரங்களிலும் பொதுத்துறை சேவையை நடத்தியது எம்டிஎன்எல் என்ற தனி நிறுவனம். பிஎஸ்என்எல்லுக்கு அப்போது அங்கே சொந்த வலையமைப்பு இருக்கவில்லை. அதனால் அதன் பல அளவற்ற அழைப்பு பேக்குகளில் "தேசிய ரோமிங், டெல்லி மும்பை நீங்கலாக" என்ற வரி இருந்தது. அந்த பேக்கோடு நம் பயணி வந்திருந்தால், ஆக்ரா வரை இலவசமாகப் பேசியவருக்கு டெல்லியில் மெயின் பேலன்ஸிலிருந்து பணம் கழிந்திருக்கும். பின்னர் எம்டிஎன்எல் ரோமிங்கையும் சேர்த்தே பேக்குகள் வரத் தொடங்கின. சொந்த நிறுவனத்தின் டவரா, பிறருடைய டவரா என்ற ஒரே கேள்விதான் அந்த வரியை எழுத வைத்தது.

டெல்லியிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிடுகிறவர் இந்த இரட்டை நிலையைத் தொடர வேண்டியதில்லை. 2015 ஜூலை 3 முதல் எண்ணை மாற்றாமலேயே வட்டம் விட்டு வட்டம் போர்ட் செய்ய முடிகிறது. PORT என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்கக் கைப்பேசி எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அதற்கான குறியீட்டு எண் வரும். அதைக் கொண்டு புதிய சிம் பெற்றதும், டெல்லியே அந்த எண்ணின் சொந்த வட்டமாகிவிடும். கடைச் சுவரின் பட்டியலும் அவருக்குப் பொருந்தும். பழைய கணக்கில் மீதமிருக்கும் இருப்பும் பேக்கும் மட்டும் அவரோடு வராது. ஆகவே நீண்ட கால பேக் போட்ட மறுநாள் போர்ட் செய்யாமல், அது முடியும் தறுவாயில் விண்ணப்பிப்பது நல்லது.