விமான வேலைக்கான ஆஃபர் லெட்டர்: கட்டணமும் பாண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை, அல்லது விமானத்துக்குள் கேபின் க்ரூ வேலை. இதில் ஒன்றுக்கு உங்கள் பிள்ளைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் பணத்தைப் பற்றி மூன்று வரிகள் இருக்கின்றன. பயிற்சிக் கட்டணம் 3 மாதச் சம்பளத்துக்குச் சமம், சேரும் முன்பே கட்ட வேண்டும். பாண்டு 24 மாதம். அதற்குள் வேலையை விட்டால் 6 மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்தக் கடிதத்தைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் பயிற்சி. கேபின் க்ரூ பயிற்சியின் பெரும்பகுதி பாதுகாப்பைப் பற்றியது. கதவைத் திறந்து, பயணிகள் சறுக்கி இறங்கும் காற்றுப்பையை விரிப்பது, புகைக்குள் தீயணைப்பது, தண்ணீரில் இறங்கினால் பயணிகளை வெளியேற்றுவது, முதலுதவி, ஆபத்தான பொருட்களை அடையாளம் காண்பது. இதையெல்லாம் கொடுத்த பிறகே ஒருவரைப் பணியில் ஏற்றலாம் என்பது விமான நிறுவனத்தின் மீது சட்டம் வைத்திருக்கும் பொறுப்பு. அதிலும் ஒரு வகை விமானத்தின் கதவைப் பழகியவர், வேறு வகை விமானத்தில் அப்படியே நின்றுவிட முடியாது. அந்த வகைக்கும் அந்த நிறுவனத்தின் நடைமுறைக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும். வேறு நிறுவனத்தில் பல வருடம் பறந்தவர்கூடப் புது நிறுவனத்தில் வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஆகவே, ஆறு மாதமோ ஒரு வருடமோ வெளியில் ஒரு பயிற்சி மையத்தில் படித்து வாங்கிய டிப்ளமோ, இந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. பேச்சு, தோற்றம், நேர்முகத் தேர்வுக்கான பழக்கம் ஆகியவற்றை அங்கே கற்றுக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு விலை இருக்கலாம். ஆனால் அந்த விலை படிப்புக்கு மட்டும்தான், வேலைக்கு அல்ல. இதில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதிவிலக்கு. அங்கே கேபின் க்ரூவுக்கென்று தனிச் சான்று உண்டு. அதற்கான அடிப்படைப் பயிற்சியை அங்கீகாரம் பெற்ற மையத்திலும் முடிக்கலாம். 60 மாதம் எந்த விமானத்திலும் பணிசெய்யாமல் இருந்தால் அந்தச் சான்று செல்லாமல் போய்விடும். அங்கேயும் விமான வகைப் பயிற்சியை வேலை தரும் நிறுவனம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரவுண்ட் ஸ்டாஃப் கதை சற்று வேறு. செக்-இன் கவுன்டரில் நிற்பவர், பை ஏற்றுபவர், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டியை ஓட்டுபவர் எல்லோரும் விமான நிறுவனத்தின் ஆட்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிரவுண்ட் ஹேண்ட்லிங் எனப்படும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களாகவும் இருப்பார்கள். கடிதத்தின் தலைப்பில் விமான நிறுவனத்தின் சின்னமும், கீழே கையெழுத்தில் வேறொரு பெயரும் இருந்தால், சம்பளம் தரப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்பதில் பயனில்லை. அந்த விமான நிலையத்தின் இணையதளத்திலிருந்து நீங்களே எண்ணை எடுத்து, இந்தப் பெயருள்ள நிறுவனம் இங்கே வேலை செய்கிறதா என்று விசாரியுங்கள்.

உண்மையான நிறுவனமா என்று கண்டுபிடிக்க இன்னொரு நல்ல கேள்வி உண்டு: ஏர்போர்ட் பாஸுக்கு யார் விண்ணப்பிப்பார்கள்? பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் கால் வைக்க அந்த பாஸ் வேண்டும். தனி ஆள் போய் அதை வாங்க முடியாது. வேலை தரும் நிறுவனம் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும், அதன்பின் உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். அதற்கு நாளாகும். “பணம் கட்டுங்க, அடுத்த வாரம் பாஸ் கையில் இருக்கும்” என்று ஒருவர் சொன்னால், விமான நிலையம் எப்படி இயங்குகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார்.

போலிக் கடிதம் எடுத்த எடுப்பில் பெரிய தொகையைக் கேட்காது. முதலில் பதிவுக் கட்டணம் என்று சிறிய தொகை. அதைக் கட்டியதும் சீருடைக்கு. பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு. பிறகு, முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும் என்று சொல்லி ஒரு டெபாசிட். முதல் தொகை சிறியது என்பதால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். அடுத்த தொகைகளுக்கு, ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயமே ஆளைத் தள்ளும். பணம் தனிநபரின் கணக்குக்குப் போகிறது என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அதில் எங்கோ இருப்பது போதாது; ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பகுதி, நிறுவனத்தின் சொந்த இணையதள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இடையில் ஒரு கோடும் ‘கேரியர்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் அது வேறொருவர் வாங்கிய முகவரியாக இருக்கலாம். கேபின் க்ரூ வேலை என்றால், அந்த நிறுவனத்துக்கு விமானம் இயக்கும் அனுமதி இருக்கிறதா என்பதை அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நிறுவனம் உண்மையானதுதான் என்று தெரிந்துவிட்டது. அதற்காகக் கடிதம் நியாயமானது என்று ஆகிவிடாது. உண்மையான நிறுவனங்களும் பாண்டு கேட்கின்றன, சில இடங்களில் கட்டணமும் வாங்குகின்றன. பாண்டுக்குச் சொல்லப்படும் நியாயம் இது: உனக்குப் பயிற்சி கொடுக்க நாங்கள் செலவழிக்கிறோம், நீ உடனே போய்விட்டால் எங்களுக்கு நஷ்டம். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நம் கடிதத்தில் பயிற்சிக்கான 3 மாதச் சம்பளத்தைப் பிள்ளையே கட்டிவிடுகிறாள். பிறகு எந்தச் செலவுக்காக 6 மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள்? கட்டணமும் பாண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால், ஒரே பயிற்சிக்கு இரண்டு முறை விலை வைக்கிறார்களா என்று எழுத்தில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்து, அந்த 6 மாதம் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். நாள் போகப் போகக் குறையும் பாண்டில் 6 மாதச் சம்பளத்தை 24 மாதத்துக்குப் பிரிப்பார்கள். மீதியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் கால் மாதச் சம்பளம். 18 மாதம் வேலை செய்துவிட்டுப் போனால் மீதி 6 மாதத்துக்கு ஒன்றரை மாதச் சம்பளம்தான் கட்ட வேண்டும். குறையாத பாண்டில், 23 மாதம் முடித்தவரும் முழு 6 மாதத்தைக் கட்ட வேண்டும். தொகை ஒன்றே என்றாலும் இரண்டும் வேறு வேறு ஒப்பந்தங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால், குறையாத பாண்டு என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

24 மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்து பணியில் ஏறும் நாளிலிருந்தா? பயிற்சிக்கு 2 மாதம், பாஸுக்குக் காத்திருக்க 1 மாதம் என்றால் 24 என்பது 27 ஆகிவிடும். அந்த 3 மாதமும் முழுச் சம்பளமா, ஸ்டைபண்டா, ஒன்றுமே இல்லையா? கேபின் க்ரூவுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. பறந்த மணிக்குக் கிடைக்கும் படிதான் பலருக்கு வருமானத்தில் பெரிய பங்கு. பயிற்சிக் காலத்தில் அது கிடைக்காது.

வேலையை முடித்துவைப்பது நிறுவனமாக இருந்தால் என்ன ஆகும்? ஆட்குறைப்பு, மருத்துவத் தகுதி இழப்பு, பயிற்சித் தேர்வில் தோல்வி ஆகிய மூன்றுக்கும் பாண்டு தொகை கட்ட வேண்டியதில்லை என்று தனி வரி இருக்க வேண்டும். “எக்காரணத்தால் பணி முடிந்தாலும்” என்று எழுதியிருந்தால், நிறுவனமே உங்களை அனுப்பினாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று வாதிட அந்தச் சொற்கள் இடம் கொடுக்கும்.

மதிப்பெண் பட்டியலின் அசலையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் கொடுக்க வேண்டாம். சரிபார்க்க அசலைக் காட்டலாம். அதே மேசையில் திரும்ப வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.