31ஆம் தேதி சலான் மட்டும் ரிப்போர்ட்டுல ஏன் வரமாட்டேங்குது?

(திரையில்: திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றின் பில்லிங் மேசை. ஒரு பக்கம் சலான் புக், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்.)

வணக்கமுங்க. ஆகஸ்ட் 1, காலையில. ஜூலை மாசம் சாயம் போட்டு அனுப்பின துணிக்குப் பார்ட்டிக்கு பில் போடணும். ரிப்போர்ட்டுல ஆரம்பத் தேதி ஜூலை 1, முடிவுத் தேதி ஜூலை 31னு கொடுத்தாச்சு. ரிப்போர்ட் வருது, ஆனா சலான் புக்குல கூட்டிப் பார்த்தா 580 கிலோ அதிகமா இருக்கு. கிலோவுக்கு 100 ரூபாய் கூலின்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கிட்டாலே 58,000 ரூபாய் பில்லுல விட்டுப்போகுது.

மாசக் கடைசி நாள்லதான் வண்டி அதிகமா கிளம்பும். ஃபில்டர் விடுறதும் அதே நாளைத்தான். எர்ரர் எதுவும் வராது, ரிப்போர்ட்டும் பார்க்க ஒழுங்கா இருக்கும். புக்கோட ஒத்துப் பார்க்கிற ஆள் இல்லேன்னா யாருக்கும் தெரியவே தெரியாது.

(திரையில்: டேபிளின் கடைசி ஆறு ரெக்கார்டுகள்.)

```
dc_no  sent_at              kg
1181   2025-07-30 19:40:00  210
1182   2025-07-31 00:00:00   95
1183   2025-07-31 09:12:00  180
1184   2025-07-31 16:45:00  240
1185   2025-07-31 23:20:00  160
1186   2025-08-01 00:00:00  120
```

`sent_at` ஃபீல்டை நல்லாப் பாருங்க. அதுல தேதி மட்டும் இல்லை, நேரமும் சேர்ந்தே இருக்கு. துணி ரோலை எடை போட்டு சலான் அடிக்கிற நொடியை சாஃப்ட்வேர் அப்படியே பதிஞ்சு வெச்சிடும். 1182க்கும் 1186க்கும் மட்டும் நேரம் பூஜ்யமா இருக்கு. கரண்ட் இல்லாதப்ப கையில எழுதின சலானை அப்புறமா உட்கார்ந்து ஏத்துவாங்க, அந்த ஃபார்முல தேதி மட்டும்தான் கேட்கும். நேரம் கொடுக்கலைன்னா அது நள்ளிரவு 12 மணின்னு போய் உட்கார்ந்துக்கும்.

இப்ப ரிப்போர்ட்டுக்குள்ள ஓடுற குவெரியைப் பார்ப்போம்.

```sql
SELECT dc_no, sent_at, kg
FROM despatch
WHERE sent_at BETWEEN '2025-07-01' AND '2025-07-31';
```

படிக்கிறப்ப இதுல தப்பே தெரியாது. `BETWEEN` ரெண்டு எல்லையையும் சேர்த்துத்தான் எடுக்கும், அதுலயும் சந்தேகமில்லை. கோளாறு எங்கேன்னா, நாம '2025-07-31'னு எழுதுறப்ப மனசுல நினைக்கிறது ஒரு முழு நாள். டேட்டாபேஸுக்கு அது ஒரு நொடி. நேரம் இருக்கிற ஃபீல்டோட ஒப்பிடணும்னா அந்தப் பக்கமும் நேரம் வேணும், அதனால அதுவே 00:00:00 சேர்த்துக்கும். ஆக, 30ஆம் தேதி ராத்திரி முடிஞ்சு 31 பிறக்கிற அந்த நொடியிலேயே எல்லைக் கல்லை நட்டாச்சு.

(திரையில்: ஒரு நேர்கோடு. 31ஆம் தேதி தொடங்கும் இடத்தில் சிவப்புக் கல். அதற்கு வலப்பக்கம் 1183, 1184, 1185.)

காலைல 9:12க்குப் போன 1183 கல்லுக்கு அந்தப் பக்கம். 1184, 1185ம் அப்படியே. 180, 240, 160. கூட்டினா நம்ம 580 கிலோ வந்துடுச்சு.

ஆனா 1182 ரிப்போர்ட்டுல வரும். அதோட நேரம் சரியா 00:00:00, கல்லு மேலேயே உட்கார்ந்திருக்கு. இதுதான் ஆளைக் குழப்புறது. "31ஆம் தேதி சலானும் வருதுங்களே, அப்ப ஃபில்டர் சரிதானே"ன்னு சொல்லிட்டு, வராத மூணையும் ஆபரேட்டர் ஏத்தவே இல்லைன்னு அவர் தலையில கட்டிடுவாங்க. டெவலப்பர் சோதிச்சப்பவும் இதே கதைதான்: எக்செல்லுல இருந்து ஏத்தின பழைய டேட்டாவுல எல்லாமே வெறும் தேதி, எல்லாமே நள்ளிரவு, அதனால எல்லாமே வந்திருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆரம்பம், முடிவு ரெண்டுலயும் ஒரே தேதியைப் போடுங்க, ஜூலை 31னே வெச்சுக்கங்க. நாலு சலான் வரணும். 1182 மட்டும் வந்தாலோ, ஒண்ணுமே வராம போனாலோ வியாதி இதுதான். வேற எங்கேயும் தேட வேண்டியதில்லை.

(திரையில்: எக்செல் ஷீட். ஒரு செல்லின் ஃபார்மேட் எண்ணாக மாறுகிறது.)

எக்செல்லுல வேலை பார்க்கிறவங்களுக்கு இதைக் கண்ணாலயே காட்டிடலாம். 31-07-2025னு ஒரு செல்லுல அடிச்சு, ஃபார்மேட்டை நம்பருக்கு மாத்துங்க. 45869னு வரும். அதே நாள் சாயங்காலம் 4:45னு நேரத்தோட அடிச்சு மாத்துனா 45869.6979 மாதிரி வரும். தேதி முழு எண், நேரம் அதோட பின்னம். `<=45869`னு கேட்டா 45869.6979 எப்படிங்க உள்ள வரும்? `SUMIFS`லயும் இதே தப்பு நடக்குறது இதனாலதான். `sent_at` Bல, கிலோ Cல, ஆரம்பத் தேதி F1ல, முடிவுத் தேதி F2ல இருந்தா, சரியான ஃபார்முலா இப்படி:

```
=SUMIFS(C:C,B:B,">="&F1,B:B,"<"&F2+1)
```

டேட்டாபேஸுலயும் மருந்து இதேதான். முடிவு நாளுக்கு அடுத்த நாளை எடுத்து, "அதுக்கு முன்னாடி வரைக்கும்"னு கேட்கணும்.

```sql
WHERE sent_at >= DATE '2025-07-01'
  AND sent_at <  DATE '2025-07-31' + INTERVAL 1 DAY
```

இது மைஎஸ்கியூஎல்லுக்கு. போஸ்ட்கிரெஸ்ஸுல கடைசியில `+ 1`னு போட்டாலே ஒரு நாள் கூடிடும். இப்ப கல்லு ஆகஸ்ட் 1 பிறக்கிற நொடியில நிக்குது, கல்லைத் தொட்டு இருக்கிறது உள்ள வராது. ராத்திரி 11:20க்குப் போன 1185 உள்ளே, 1186 வெளியே.

இதை விட்டுட்டு மூணு குறுக்கு வழியில போறவங்க உண்டு. முதலாவது, `BETWEEN`னை அப்படியே வெச்சுக்கிட்டு முடிவை '2025-08-01'னு மாத்துறது. 580 கிலோ வந்துடும், ஆனா நள்ளிரவுல உட்கார்ந்திருக்கிற 1186ம் கூடவே வரும். அது ஆகஸ்ட் பில்லுலயும் வரும். 120 கிலோவுக்கு ரெண்டு தடவை பில். குறைஞ்சா நமக்கு நஷ்டத்தோட போச்சு, கூடினா பார்ட்டி ஃபோன் பண்ணுவாரு.

ரெண்டாவது, முடிவு நேரத்தை 23:59:59னு எழுதுறது. முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்றாங்க, முக்கால்வாசி நாள் வேலையும் செய்யும். ஃபீல்டுல நொடியோட பின்னமும் பதியுதுன்னா 23:59:59.4க்கு விழுந்தது தப்பிச்சுப் போயிடும். சரி, .999னு எழுதிடலாம்னு பார்த்தா எஸ்கியூஎல் சர்வர்ல இன்னொரு பள்ளம் இருக்கு. அதோட பழைய `datetime` வகை மில்லிசெகண்டை 0, 3, 7ல முடியுற மாதிரிதான் வெச்சுக்கும். 23:59:59.999ஐ அது அடுத்த நாள் 00:00:00க்குத் தள்ளிடும். சுத்திச் சுத்தி 1186 மறுபடியும் ஜூலைக்குள்ள வந்துடும்.

மூணாவது, ஃபீல்டு மேலேயே `DATE(sent_at)`னு போட்டு நேரத்தை வெட்டிட்டு ஒப்பிடுறது. விடை சரியா வரும். ஆனா மைஎஸ்கியூஎல்லுல `sent_at` மேல சாதாரண இண்டெக்ஸ் இருந்தும் அந்த ஒப்பீட்டுக்கு அது உதவாது, ஒவ்வொரு ரெக்கார்டா வெட்டிப் பார்க்கும். சில ஆயிரம் சலானுக்கு வித்தியாசம் தெரியாது, பல வருஷக் கணக்கு சேர்ந்த டேபிள்ல ரிப்போர்ட் திணறும்.

(திரையில்: இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் 00:00, இன்னொன்றில் 18:30.)

ஒரு சங்கதி பாக்கி. உங்க சர்வர் நேரத்தை யூடிசியில பதியுதான்னு பார்த்துக்கங்க. நம்ம ஊர் நேரம் அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி. நமக்கு ஆகஸ்ட் 1 பிறக்குறப்ப யூடிசியில ஜூலை 31, 18:30தான் ஆகியிருக்கும். சாயப்பட்டறையில ராத்திரி ஷிஃப்ட் ஓடும். ஆகஸ்ட் 1 விடியக்காலம் 2:10க்கு வண்டி கிளம்பினா, டேபிள்ல அது ஜூலை 31, 20:40னு கிடக்கும், மேல சொன்ன சரியான ஃபில்டர்லயும் ஜூலைக்குள்ள வந்துடும். அப்படிப்பட்ட டேபிளுக்கு எல்லையையே மாத்திக் கொடுக்கணும்:

```sql
WHERE sent_at >= '2025-06-30 18:30:00'
  AND sent_at <  '2025-07-31 18:30:00'
```

இந்த அஞ்சரை மணி ஸ்கிரீன் பக்கமும் மூக்கை நீட்டும். ஜாவாஸ்கிரிப்ட்ல `new Date('2025-07-31')`னு எழுதினா அது யூடிசி நள்ளிரவு, அதாவது நமக்கு காலைல 5:30. அதை அப்படியே முடிவு எல்லையா அனுப்பினா, கடைசி நாள்ல 5:30 வரைக்கும் போன சலான் வரும், அதுக்கப்புறம் போனது வராது. ரிப்போர்ட் 5:30ல வெட்டின மாதிரி நின்னா குவெரியைக் குடையாதீங்க, ஸ்கிரீன்ல இருந்து தேதி எப்படிக் கிளம்புதுன்னு பாருங்க. தேதியை வெறும் எழுத்தாவே அனுப்பி, சர்வர்ல ஒரு நாள் கூட்டுறதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

(திரையில்: மீண்டும் பில்லிங் மேசை. மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சின்னச் சீட்டு: "முடிவு தேதி ஒரு நாள் தள்ளிப் போடவும்".)

குவெரியைத் திருத்தி ஏத்துறதுக்கு முன்னாடி பில்லிங் மேசைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. ரொம்ப நாளா கடைசி நாள் வராம இருந்திருந்தா, இந்த மாதிரி ஒரு சீட்டு அங்கே ஒட்டியிருக்கும். பழைய குவெரிக்கு அது ஓரளவு உதவிச்சு. நீங்க திருத்தின பிறகும் அவங்க கை பழக்கத்துல ஆகஸ்ட் 1னுதான் அடிக்கும். இப்ப அந்த நாள் முழுசும், சாயங்காலம் போன கடைசி ரோல் வரைக்கும், ஜூலை பில்லுல ஏறிடும். திருத்தம் ஏத்துற அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுங்க. ரிப்போர்ட் தலைப்புலயும் "01-07-2025 காலை முதல் 31-07-2025 இரவு முடிய"ன்னு அச்சாகுற மாதிரி வெச்சுடுங்க.