10 இலட்சம் கையில் வந்தால்: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வங்கியொன்றின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் சந்திப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சீட்டு விழுந்தோ, காணித்துண்டு விற்றோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பியோ ஒரு தொகை கைக்கு வருகிறது; அதை வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்று வங்கிக்குச் சென்றால், "மாதத் தவணையைக் குறைக்கவா, இல்லாவிட்டால் தவணைக் காலத்தைக் குறைக்கவா?" என்று உத்தியோகத்தர் கேட்கிறார். பெரும்பாலானோர் அந்த இடத்திலேயே, வரிசையில் பின்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே, ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்.

கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம், நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி முழு எண்களாகவே சொல்கிறேன். கடன் மீதி 50 இலட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 12 வீதம், இன்னும் 15 ஆண்டுகள் இருக்கின்றன என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 60,000 ரூபாய் வரும். இதில் முதல் மாதத்து வட்டி மட்டும் 50,000. ஆகவே நீங்கள் கட்டும் 60,000 இல், கடன் தொகையாகிய முதலிலிருந்து கழிவது 10,000 மாத்திரமே. இப்போது 10 இலட்சத்தைக் கட்டுகிறீர்கள். மீதி 40 இலட்சமாகிறது, அடுத்த மாத வட்டி 40,000 ஆகிறது. பழைய தவணையையே தொடர்ந்தால் முதலிலிருந்து கழிவது 20,000, அதாவது இரண்டு மடங்கு. காலத்தைக் குறைப்பதன் வேகம் முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால், 180 மாதங்களில் முடியவேண்டிய கடன் 111 மாதங்களில் முடிந்துவிடும். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால், தவணை 60,000 இலிருந்து 48,000 ஆகும். எதுவும் செய்யாதிருந்தால் கட்டவேண்டியிருந்த மொத்த வட்டி ஏறத்தாழ 58 இலட்சம். தவணையைக் குறைத்தவருக்கு அதில் 11½ இலட்சமளவு மிச்சம், காலத்தைக் குறைத்தவருக்கு 32 இலட்சமளவு மிச்சம். இதைக் கேட்டவுடன், காலத்தைக் குறைப்பவரே கெட்டிக்காரர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இங்கேதான் நான் சற்று நிற்கவேண்டியிருக்கிறது.

அந்த 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் வங்கி தந்த சலுகையன்று. காலத்தைக் குறைத்தவர் மாதந்தோறும் 12,000 ரூபாயைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்; அதற்கான பலன்தான் அது. தவணையைக் குறைத்தவரும், கையில் நிற்கும் அந்த 12,000 ரூபாயை மாதந்தோறும் கடனின் முதலுக்கே கட்டிவந்தால், அவருடைய கடனும் அதே 111 ஆவது மாதத்திலேயே முடிந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன்: நீங்கள் கட்டிய 10 இலட்சம் இரண்டு வழியிலும் ஒரே 12 வீத வட்டியைத்தான் மிச்சப்படுத்துகிறது. வித்தியாசமெல்லாம் அந்த 12,000 ரூபாய் கட்டாயமா, உங்கள் விருப்பமா என்பதில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது, உங்கள் வருமானம் எப்படிப்பட்டது என்பதையே. நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவருக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை அறைகள் நிறைந்திருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் விடுதியும் வெறுமை, படகுக்காரரின் வலையும் கரையில். அத்தகையவருக்கு மார்கழியில் 60,000 கட்டவேண்டும் என்பது சுமை. அவர் தவணையை 48,000 ஆக்கிக்கொண்டு, பருவகாலத்தில் கூடுதலாகக் கட்டுவதே நல்லது. சம்பளம் மாதாமாதம் வந்தும், கையில் நிற்பது செலவாகிவிடும் என்று தன்னை அறிந்தவர், அந்தக் கட்டாயத்தையே தேர்ந்துகொள்ளட்டும். கடன் ஓய்வுபெறும் வயதைத் தாண்டி ஓடுமானால் காலத்தைக் குறைப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை; ஓய்வூதியத்தில் 60,000 கட்டுவது எவருக்கும் இலேசானதன்று.

வட்டி வீதம் மாறும் கடன்களில் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியதும், அதன் பின்னர் தவணைகள் எப்படி ஏறின என்பதும் உங்களில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. நமது உதாரணத்தில் வட்டி 12 இலிருந்து 18 வீதமானால், 40 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 60,000; பழைய தவணை முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். அப்போது வங்கி தவணையை உயர்த்தும். காலத்தை 111 மாதமாகக் குறைத்தவருக்கு அது 74,000 ரூபாயைத் தாண்டும். 180 மாதமாகவே விட்டவருக்கு ஏறத்தாழ 64,400 இல் நிற்கும். குறுகிய காலத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. ஒருமுறை குறைத்த காலத்தை மீண்டும் நீட்டவேண்டுமானால் புதிதாக விண்ணப்பித்து, வருமானத்தையும் காட்டி, வங்கியின் இணக்கத்தைப் பெறவேண்டும்; தவணையைக் குறைத்தவர் கூடுதலாகக் கட்டுவதற்கோ அத்தகைய தடை பொதுவாக இல்லை.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மகன் அனுப்பிய 10 இலட்சத்தைத் தம் கடன் கணக்குக்குக் கட்டினார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை. வங்கி அதை எதிர்கால மாதங்களுக்கான முற்பணத் தவணைகளாக வைத்துக்கொண்டு, மாதந்தோறும் அதிலிருந்து 60,000 எடுத்தது. வட்டியோ 50 இலட்சத்துக்கே ஓடியது. அவர் சில மாதம் தவணை கேட்கப்படாததையே பெரிய நிம்மதியாக நினைத்திருந்தார். கணக்குக் கூற்றை என்னிடம் காட்டியபோது, வட்டி வரியில் 40,000 இருக்கவேண்டிய இடத்தில் 49,900 இருந்தது; மாதத்துக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. கடிதம் கொடுத்த பிறகுதான் அந்தத் தொகையில் எஞ்சியது கடனின் முதலிலிருந்து கழிக்கப்பட்டது.

ஆகவே பணத்தைக் கட்டுமுன், "இத்தொகையை இன்றைய திகதியிலேயே கடனின் முதலில் கழிக்கவும், தவணையைக் குறைக்கவும்" அல்லது "காலத்தைக் குறைக்கவும்" என்று கிளை முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை பெறுங்கள். புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதக் கூற்றில் வட்டி வரியை மட்டும் பாருங்கள். அது குறையாவிட்டால், கட்டிய பணம் முதலைச் சேரவில்லை.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மிகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகுதி முற்செலுத்தலுக்குக் கட்டணம் உண்டா, ஒவ்வொரு முறையும் அறவிடப்படுமா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அறவிடப்படுமானால் மாதாமாதம் 12,000 கட்டும் வழி நட்டமாகலாம், ஆண்டுக்கொரு முறை சேர்த்துக் கட்டுங்கள். கடனுக்கென எடுத்த ஆயுள் காப்புறுதி பழைய அட்டவணைப்படியே இருக்கும். கடனை முன்னதாகத் தீர்த்தால் கட்டுப்பணத்தில் ஏதும் திரும்பக் கிடைக்குமா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.