“செய்கூலி இல்லை!” விளம்பரத்தைத் திருத்தி எழுதலாம் வாங்க

[திரையில்: மஞ்சள் பின்னணியில் பேனர். “தீபாவளி அதிரடி! 100% அசல் 916 தங்கம்! செய்கூலி 0! பழைய நகைக்கு உச்ச விலை! வாழ்நாள் முழுவதும் திரும்பப் பெறுவோம்! *நிபந்தனைகளுக்கு உட்பட்டது”]

குரல்:
வணக்கம். சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் சம்பள நாளன்று நடந்து போனால், இப்படி ஒரு பேனராவது கண்ணில் படும். இது நான் ஒரு சின்ன நகைக்கடைக்காகத் திருத்தப்போகும் விளம்பரம். கடையின் பெயரை மறைத்துவிட்டேன். முதலாளி நேர்மையானவர்தான், பேனர்தான் அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறது.

முதல் வரியிலிருந்து வருவோம்.

[திரையில்: “100% அசல் 916 தங்கம்”]

916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். மீதி 84 பங்கு செம்பு, வெள்ளி போன்ற உலோகம். அது இல்லாவிட்டால் நகை வளைந்து தேய்ந்துவிடும், அதனால் அந்தக் கலப்பில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் “100%” என்று போட்டால், வாசிப்பவர் மனதில் நிற்பது கலப்பே இல்லாத தங்கம். அது 999. விலையும் வேறு. மலேசியாவில் பொய்யான வர்த்தக விவரிப்பைத் தடுக்க 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆக, அந்த “100%” கடைக்கும் நல்லதில்லை. எடுத்துவிடலாம்.

இதைவிட முக்கியமானது எடை. கல் பதித்த அட்டிகையையும் கருகமணி கோத்த தாலிச்சங்கிலியையும் அப்படியே தராசில் வைத்தால் கல்லும் மணியும் சேர்ந்துதான் எடை காட்டும். அந்த மொத்த எடைக்கும் தங்கத்தின் விலையைப் போட்டால், வாடிக்கையாளர் கண்ணாடிக் கல்லைத் தங்க விலைக்கு வாங்குகிறார். திரும்ப விற்கும்போது அதே கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிறுப்பார்கள்.

[திரையில், புதிய வரி: “916 (22 காரட்) தங்கம். கல், மணி எடையைக் கழித்து, தங்கத்தின் எடைக்கு மட்டுமே தங்க விலை. இரண்டு எடையும் ரசீதில் இருக்கும்.”]

சரி, இப்போது “செய்கூலி 0”. இந்த வீடியோவே இதற்காகத்தான்.

ஒரு கணக்குப் போடலாம். கிராம் விலை 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலை இல்லை, கணக்கு எளிதாக வருவதற்காக. வாங்கப்போவது 10 கிராம் சங்கிலி.

[திரையில்: இரண்டு ரசீதுகள் பக்கத்தில் பக்கத்தில்]

நம் கடையில் செய்கூலி இல்லை, ஆனால் சேதாரம் 11 விழுக்காடு. அதாவது 11.1 கிராமுக்குக் காசு கட்ட வேண்டும்: 5,550 ரிங்கிட். எதிர்க்கடையில் செய்கூலி 200 ரிங்கிட், சேதாரம் 5 விழுக்காடு. 10.5 கிராமுக்கு 5,250, கூலியோடு 5,450. கூலி வாங்கும் கடைதான் 100 ரிங்கிட் மலிவு!

ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, கூலி நிஜமாகவே பூஜ்யம்தான். பணம் பக்கத்து வரிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சில கடைகள் இன்னொரு வழியும் வைத்திருக்கும். கூலியும் இல்லை, சேதாரமும் இல்லை, ஆனால் பலகையில் 500 என்று இருக்கும் கிராம் விலை, பில்லில் 550 ஆகியிருக்கும்.

அந்தக் காலத்து ஆசாரி அராவும்போதும் உருக்கும்போதும் உண்மையிலேயே தங்கம் கொஞ்சம் போனது, அதற்காக வந்தது சேதாரம். இன்று மெஷின் சங்கிலியில் விழும் துகளைத் திரும்ப எடுத்து உருக்கிவிடுகிறார்கள். ஆகவே விழுக்காட்டில் எழுதும் சேதாரம் பெரும்பாலும் இன்னொரு கூலிதான். அதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: தங்கம் கிராமுக்கு 400 இருந்தபோது அந்த 11 விழுக்காடு 44 ரிங்கிட், 500 ஆனால் 55. வேலை அதேதான், கூலி தானாக ஏறிவிட்டது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து ரிங்கிட்டில் எழுதச் சொன்னேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “எல்லாத்தையும் எழுதினா எவன் தம்பி உள்ள வருவான்? சைபர்னு போட்டாத்தான் வண்டியை நிறுத்துறான்.”

நான் சொன்னேன்: “நிறுத்துறவங்க கல்லாவுக்கு வந்து கணக்குக் கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்களே முதலாளி, அது எத்தனை பேர்னு அக்காவைக் கேளுங்க.” கல்லாவில் இருந்த அக்கா தலையை நிமிர்த்தாமல் சிரித்தார். முதலாளி ஒத்துக்கொண்டார், ஆனால் “கிராமுக்கு 35 முதல்” என்று மட்டும் போடலாம் என்றார். அந்த “முதல்” பொடி வைத்த வார்த்தை. 35-க்கு எது கிடைக்கும் என்று சொல்லாமல் அதைப் போடக்கூடாது.

[திரையில், புதிய வரி: “கூலி, சேதாரம் இரண்டும் சேர்த்து: சாதாரண மெஷின் சங்கிலி கிராமுக்கு 35 ரிங்கிட், கைவேலை நகை கிராமுக்கு 80 ரிங்கிட் வரை. தங்க விலை கடைப் பலகையில் உள்ளபடி. வேறு கட்டணம் இல்லை.”]

கடைசியாக, “உச்ச விலை”, “வாழ்நாள் முழுவதும்”. உச்சம் என்றால் எதைவிட? அதில் எண் எதுவும் இல்லை. இந்தக் கடையின் நடைமுறை எப்படி என்று கேட்டேன். சொந்த ரசீதோடு வரும் நகைக்கு, அன்றைய பலகை விலையில் 15 விழுக்காடு கழித்து ரொக்கம் தருவார்கள். மாற்றி வேறு நகை எடுத்தால் 5 விழுக்காடு கழிவு. ரசீது இல்லாவிட்டால், சோதித்துப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

நம் 5,550 ரிங்கிட் சங்கிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவசரச் செலவு வந்து, விற்கிறீர்கள். கிடைப்பது 4,250. குறைந்த 1,300 ரிங்கிட்டில் 550 கூலி வகையில் போனது, 750 கழிவில் போனது. போட்ட பணம் முழுசாகக் கைக்கு வர, கிராம் விலை சுமார் 653 ரிங்கிட்டைத் தொட வேண்டும். மாற்றினால் 4,750 மதிப்பு, ஆனால் புது நகைக்குப் புதுக் கூலி.

தீபாவளி போனஸில் நகை வாங்கி, பள்ளி திறக்கும்போது விற்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு வேண்டியது இந்த 15 என்ற எண்தான்.

[திரையில், புதிய வரி: “எங்கள் ரசீதோடு வரும் 916 நகைக்கு, அன்றைய பலகை விலையில் ரொக்கமாக 85%, மாற்றிக்கொண்டால் 95%. கல், மணி எடையும் கூலியும் திரும்பக் கிடைக்காது. ரசீது இல்லாத நகையும் மற்ற கடை நகையும் சோதனைக்குப் பின் விலை.”]

“சோதனை” என்று எழுதியதால் அதையும் ஒரு வார்த்தை. எக்ஸ்-கதிரால் தங்கத்தின் தரம் பார்க்க கடையில் இருக்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் நகையின் மேற்பரப்பைத்தான் படிக்கும். உள்ளே வேறு உலோகமோ, கொக்கியைப் பற்றவைத்த இடத்தில் தரம் குறைந்த பற்றுப்பொடியோ இருந்தால் தெரியாமல் போகலாம். அதனால் சந்தேகமுள்ள பழைய நகையை உருக்கித்தான் முடிவு சொல்வார்கள். உருக்குவதற்கு முன் உங்கள் சம்மதம் கேட்போம் என்ற வாக்கியத்தை முதலாளியே சேர்க்கச் சொன்னார். எனக்குத் தோன்றவில்லை, நல்ல வாக்கியம்.

[திரையில்: முழுப் புதிய விளம்பரம். நான்கு வரிகள், ஒரே அளவு எழுத்து, நட்சத்திரக் குறி இல்லை.]

எழுத்து அளவில்தான் கடைசிச் சண்டை. 85-ஐச் சின்னதாகப் போடலாமா என்றார். போடவில்லை. “தீபாவளி அதிரடி” அப்படியே இருக்கட்டும் என்றார், அது அவர் கடை, இருக்கட்டும். இதே நான்கு வரிகளை ரசீதின் பின்பக்கத்திலும் அச்சிடுகிறோம். நாளைக்கு நகையைத் திருப்பிக் கொண்டு வருபவர் கையில் இருப்பது பேனர் இல்லையே, ரசீதுதானே.