மாடி வீட்டுக்கு மோட்டார்: பெட்டியில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

[திரையில்: மோட்டார் பெட்டியின் லேபிள், கிட்டத்தில்]

வணக்கம். பெட்டியில் பெரிய எழுத்தில் இரண்டு எண் இருக்கும். அதிகபட்ச ஹெட் 30 மீட்டர், அதிகபட்ச டிஸ்சார்ஜ் மணிக்கு 2400 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 30 மீட்டர் உயரத்துக்குப் போனால் குழாயில் சொட்டுத் தண்ணீர்கூட வராது. 2400 லிட்டர் கொட்டுவது உயரமே இல்லாத இடத்தில்தான். நம் வீட்டுக்கணக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

[திரையில்: வீட்டின் பக்கவாட்டுப் படம்]

சத்துவாச்சாரியில் ஒரு வீடு. கீழ்த்தளம், முதல் தளம், மேலே படிக்கட்டு அறை, அதன்மேல் 1000 லிட்டர் டேங்க். மாநகராட்சித் தண்ணீர் சம்ப்பில் விழுகிறது. சம்ப் காலியாகும் நேரத்தில் தண்ணீர் மோட்டாருக்கு 2 மீட்டர் கீழே இருக்கும். மோட்டாரிலிருந்து டேங்க் வாய்வரை 10 மீட்டர். ஆக 12. சம்ப் நிறைந்திருக்கும்போது அளக்காதீர்கள், கடைசி வாளி தண்ணீரும் மேலே ஏறியாக வேண்டும்.

அப்புறம் பைப் உரசல். எல்போக்களையும் சேர்த்து சுமார் 35 மீட்டர் பைப்புக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால், ஒரு இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஹெட் உரசலிலேயே போகும். அதே தண்ணீர் முக்கால் இஞ்ச்சில் ஓடினால் 4 மீட்டர்! ஒரு இஞ்ச் பைப் போட்டு, ஃபுட் வால்வுக்கும் கொஞ்சம் விட்டு, 15 மீட்டர் என்று வைப்போம்.

[திரையில்: பெட்டியின் பக்கவாட்டிலுள்ள அட்டவணை]

இப்போது சின்ன எழுத்து அட்டவணையைப் பாருங்கள். 15 மீட்டருக்கு நேரே மணிக்கு 1600 லிட்டர் அளவில் இருந்தால், டேங்க் 40 நிமிடத்துக்குள் நிறையும். அரை எச்பியிலேயே இது கிடைக்கும். "எதற்கும் ஒரு எச்பி போடுங்கள்" என்று கடையில் சொல்வார்கள். பழைய முக்கால் இஞ்ச் பைப்பில் அதை மாட்டினால் பயனில்லை. ஓட்டம் இரட்டித்தால் உரசல் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும், கூடுதல் கரண்ட் பைப்பிலேயே தீர்ந்துவிடும். அந்தப் பணத்துக்குப் பைப்பை மாற்றுவதே என் யோசனை.

போர்வெல் இருந்தால் கணக்கு வேறு. கோடையில் தண்ணீர் எந்த ஆழத்துக்கு இறங்குகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். தரையில் வைக்கிற சாதாரண மோட்டார் 6, 7 மீட்டருக்குக் கீழே இருந்து இழுக்காது.

[திரையில்: டேங்க் வாயில் வாளி]

மாட்டியதும் சோதிக்கலாம். இந்த வீட்டில் 20 லிட்டர் வாளி 45 நொடியில் நிறைய வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் தண்ணீரைக் கவனியுங்கள். குமிழியோடு விட்டுவிட்டு வந்தால் உறிஞ்சும் பக்க ஜாயின்ட்டில் காற்று நுழைகிறது. சீராக, ஆனால் மெல்லியதாக வந்தால் ஃபுட் வால்வ் சல்லடை அடைத்திருக்கும், இல்லையென்றால் கேட் வால்வ் பாதி மூடியிருக்கும்.