இரண்டு விரல் அளவு ஃபிலிம்

நடுவர் கேட்டது: "ஒரு திரைப்படச் சங்கத்தைச் சேர்த்து வைத்திருப்பது திரையில் ஓடும் படமா, அதை ஓட்டுவதற்குச் சேர்ந்து படும் பாடா?"

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். நான் பாடு பட்டவர்களின் பக்கம். இந்தச் சங்கத்தில் வயதில் மூத்தவன், இரவல் புரொஜெக்டரில் படம் போட்ட காலத்தில் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றவன்.

"நல்ல படம் எந்தத் திரையில் பார்த்தாலும் நல்ல படம்தான்" என்றார் எதிரணித் தம்பி. சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு மாலையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று வந்தது 16 எம்.எம். பிரதி. இயந்திரத்தைக் கொடுத்தவர்களின் ஆபரேட்டர், முதல் ரீலை மாட்டி ஓடவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். 1,600 அடி ரீல் ஏறக்குறைய 44 நிமிடம் ஓடும். இருப்பது ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை எங்களில் ஒருவர்தான் கோத்தார். படம் ஓட ஆரம்பித்தது. பேசுகிறவர்களின் வாயும் குரலும் ஒட்டவே இல்லை.

அந்தப் பிரதியில் ஒரு காட்சியின் ஒலி அந்தக் காட்சிக்கு நேராக இருக்காது. 26 ஃப்ரேம் முன்னால் தள்ளிப் பதிந்திருக்கும். லென்ஸுக்குப் பின்னால், 'கேட்' என்று நாங்கள் சொல்லும் இடத்தில், ஃபிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். ஒலியைப் படிக்கும் உருளையிலோ ஒரே சீராக ஓட வேண்டும், இல்லாவிட்டால் குரல் நடுங்கும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் ஃபிலிமைத் தளர்வாக வளைத்து விடுவார்கள். லூப் என்போம். அந்த வளைவின் அளவு சரியாக இருந்தால்தான் 26 என்ற கணக்கு நிற்கும். எவ்வளவு வளைக்க வேண்டும் என்று இயந்திரத்தின் உடம்பிலேயே ஒரு கோடு போட்டிருக்கும். எங்களுக்கு வந்த இரவல் இயந்திரத்தில் அது தேய்ந்து போயிருந்தது.

இருட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொருளாளர், "ஸ்பீக்கர் தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் ஒலி தாமதமாக வருகிறது" என்றார். அதில் பாதி உண்மை. ஒலி வந்து சேர நேரம் பிடிக்கும்தான். ஆனால் ஒரு ஃப்ரேம் தாமதமாகவே சுமார் 14 மீட்டர் தூரம் வேண்டும், எங்கள் கூடத்தின் நீளம் அதற்கே போதாது. இன்னொருவர், தன் வீட்டு டேப் ரெக்கார்டரும் இப்படித்தான் இழுக்கிறது, யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்த நேரத்தில்!

விடையைச் சொன்னவர் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா. அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "பகரமும் மகரமும் வரும்போது உதட்டைப் பாருங்கள். உதடு முதலில் மூடுகிறது, சத்தம் பின்னால் வருகிறது" என்றார். அது போதுமாக இருந்தது. சத்தம் பிந்தினால், கேட்டுக்கும் ஒலி உருளைக்கும் நடுவே ஃபிலிம் கூடிவிட்டது என்று அர்த்தம். முந்தினால் குறைந்துவிட்டது. முதலில் விளக்கை அணைத்தோம், பிறகுதான் மோட்டாரை நிறுத்தினோம். மாற்றிச் செய்தால் நின்ற ஃப்ரேம் சூட்டில் கருகிவிடும். அந்த லூப்பைத் திறந்து, அதில் ஐந்து ஃப்ரேம் குறையும்படி ஃபிலிமைப் பல்சக்கரத்தில் ஐந்து துளை இழுத்து மாட்டினோம். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு துளை. ஐந்து ஃப்ரேம் என்றால் இரண்டு விரல் அகலம், நேரக் கணக்கில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மறுபடி ஓடவிட்டபோது உதடும் குரலும் சேர்ந்துகொண்டன.

எல்லா இடத்திலும் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்புறக் காட்சிகளில் கொஞ்சம் விலகல் இருந்துகொண்டேதான் இருந்தது. வசனத்தைப் பிறகு டப்பிங் செய்திருப்பார்கள், பிரதியிலேயே அப்படித்தான் என்றார் அந்த அம்மா. லூப்பில் இன்னும் ஒரு ஃப்ரேம் குறைக்க வேண்டும் என்றார் பொருளாளர். படம் முடிந்து, ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, கேட்டில் ஒட்டிய தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, இயந்திரத்தைப் பெட்டியில் வைக்கும் வரை அந்த வாதம் நடந்தது. அடுத்த திரையிடலில் அந்த அம்மா பின்வரிசையில் உட்காரவில்லை. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் ரீல்களைக் கோத்தவர் அவர்தான்.

எதிரணித் தம்பி சொன்ன நல்ல படம் அன்றும் திரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் அந்த அம்மா பின்வரிசையை விட்டு எழுந்து வந்திருப்பாரா? இதற்கு எதிரணியில் யாராவது பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நான் உட்கார்ந்து கேட்கிறேன்.